ஓர் இருட்டு விளக்கின் பொருள்பட்டியல்



செந்தூலில் நான் பணியாற்றும் பள்ளியின் அறிவியல் மன்றத்தில், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இருபத்தெட்டுப் பேர் இருட்டு விளக்கு ஒன்றைச் செய்தனர். இருட்டியதும் தானே எரியும். வெளிச்சம் வந்ததும் தானே அணையும் சிறு விளக்கு. அதற்கான மின்சுற்றைப் பற்றி நூல்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதற்கான பொருள்பட்டியலை எவ்வாறு எழுதுவது என்பதைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. ஆதலால் இப்பதிவு மின்சுற்றைப் பற்றியதன்று. அதன் பட்டியலைப் பற்றியது.

எனக்குக் கைமாறி வந்த பழைய பட்டியல் ஒன்று உண்டு. பல முறை நகலெடுக்கப்பட்டு எழுத்து மங்கிப்போன தாள். அதில் இருந்தவை இவ்வளவுதாம்: டிரான்சிஸ்டர் 1, எல்.டி.ஆர். 1, எல்.இ.டி. 1, மின்தடையம் 2, மின்கலப் பெட்டி 1, விசை 1. வீட்டுச் சாமான் பட்டியலில் ‘பருப்பு’ என்று மட்டும் எழுதிக் கடைக்கு அனுப்புவது போன்றது இது. துவரம் பருப்பா, கடலைப் பருப்பா என்பது கடைக்காரர் விருப்பம். சமையலில் அதைச் சமாளித்துவிடலாம். மின்சுற்றில் அவ்வாறு ஆகாது. தன் விளக்கு மட்டும் எரியாத பிள்ளை, “பொருள் மாறிவிட்டது” என்று நினைப்பதில்லை. “எனக்கு வரவில்லை” என்றே நினைக்கிறது. பத்து வயதில் அந்த எண்ணம் மனத்தில் விழுந்துவிட்டால், அதை எடுப்பது எளிதன்று.

முதலில் விளக்கு இயங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மின்கலங்கள் சேர்ந்து 4.5 வோல்ட் தருகின்றன. டிரான்சிஸ்டர் ஒரு வாயில்காப்போன். அதற்கு மூன்று கால்கள். பேஸ் என்னும் காலுக்குச் சிறிது மின்னோட்டம் வந்தால், கலெக்டர் என்னும் காலிலிருந்து எமிட்டர் என்னும் காலுக்குப் பெரிய மின்னோட்டம் செல்ல வழிவிடும். பேஸுக்கு வரும் சிறு மின்னோட்டம் 47 கிலோ ஓம் மின்தடையத்தின் வழியே வருகிறது. அதே பேஸிலிருந்து மின்கலத்தின் எதிர்முனைக்கு எல்.டி.ஆர். இணைக்கப்பட்டிருக்கிறது. எல்.டி.ஆர். என்பது வெளிச்சம் பட்டால் தடை குறைந்து, இருட்டில் தடை கூடும் ஒரு பொருள். வெளிச்சத்தில், வரும் சிறு மின்னோட்டம் எல்.டி.ஆர். வழியே வடிந்துவிடுகிறது, காப்போன் விழிப்பதில்லை. இருட்டில் அந்த வடிகால் அடைபடுகிறது, மின்னோட்டம் பேஸுக்குள் செல்கிறது, எல்.இ.டி. எரிகிறது.

பழைய பட்டியலில் நான் செய்த முதல் மாற்றம், டிரான்சிஸ்டரின் பெயரை எழுதியது. `BC547B` என்று குறித்துக் கொடுத்தேன். கடையிலிருந்து பை வந்தது. ரசீதில் ‘டிரான்சிஸ்டர் 30’ என்று மட்டுமே இருந்தது. “நீங்கள் கேட்டது இல்லை, இது அதே மாதிரிதான்” என்பது கடைக்காரரின் சொல். பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன், வந்த பையிலிருந்தே ஒரு விளக்கைச் செய்து பார்ப்பது என் வழக்கம். செய்தேன். கையால் எல்.டி.ஆரை மூடினேன். எரியவில்லை.

எரியாத சுற்றில் எதைச் சந்தேகிப்பது? ஒவ்வொன்றாகத்தான் விலக்க வேண்டும். எல்.இ.டி.யையும் அதன் 100 ஓம் மின்தடையத்தையும் டிரான்சிஸ்டர் இல்லாமல் நேரே மின்கலத்தோடு இணைத்தேன். எரிந்தது. ஆக, மின்கலமும் எல்.இ.டி.யும் நலமே. எல்.டி.ஆரைச் சுற்றிலிருந்து முற்றாகக் கழற்றிவிட்டால், வடிகால் இல்லாத காரணத்தால் விளக்கு எப்போதும் எரிய வேண்டும். டிரான்சிஸ்டரைத் திரும்பப் பொருத்தி அப்படிச் செய்தும் எரியவில்லை. எஞ்சியவை டிரான்சிஸ்டரும் 47 கிலோ ஓம் மின்தடையமும். முதலில் டிரான்சிஸ்டரைச் சந்தேகித்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அதன் தட்டையான முகத்தைப் படித்தேன். `C945` என்று அச்சிட்டிருந்தது.

கடைக்காரர் சொன்னது பொய்யன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். `C945` நம் வேலைக்குப் போதுமான டிரான்சிஸ்டரே. `BC547` 100 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். `C945` 150 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். நமக்குத் தேவை ஏறத்தாழ 13 மட்டுமே. வேறுபாடு வேலையில் இல்லை. கால்களின் வரிசையில் இருந்தது. தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், `BC547`இன் கால்கள் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். `C945`இன் கால்கள் எமிட்டர், கலெக்டர், பேஸ். பேஸ் நடுவில் இல்லை, வலக்கோடியில் இருக்கிறது. பழைய வரைபடத்தின்படி இணைத்தால், பேஸுக்குச் செல்ல வேண்டிய கம்பி கலெக்டருக்குச் செல்கிறது. பேஸோ எதிர்முனையோடு கட்டுண்டு கிடக்கிறது. காப்போன் விழிக்கவே வழியில்லை.

எங்கள் பிள்ளைகள் பயன்படுத்துவது பிரெட்போர்டு. பற்றவைக்க வேண்டியதில்லை, துளையில் செருகினால் போதும். ஆகவே, தீர்வும் எளிதாயிற்று. எல்.இ.டி.யிலிருந்து வரும் கம்பியை நடுக்காலுக்கும், 47 கிலோ ஓமும் எல்.டி.ஆரும் சந்திக்கும் கம்பியை வலக்காலுக்கும், எதிர்முனைக் கம்பியை இடக்காலுக்கும் மாற்றினேன். எரிந்தது. புதிய வரைபடம் ஒன்றை வரைந்து, பழையதை எடுத்துவிட்டேன். முப்பது டிரான்சிஸ்டர்களில் ஒன்றும் வீணாகவில்லை.

மாற்றுப் பொருள்கள் எல்லாம் ஒரே வகையில் மாறுவதில்லை என்பதையும் கவனியுங்கள். `2N3904` அல்லது `S8050` கிடைத்திருந்தால், அவற்றின் வரிசை எமிட்டர், பேஸ், கலெக்டர். பேஸ் நடுவிலேயே இருக்கிறது. இரு ஓரங்கள் மட்டும் இடம் மாறியுள்ளன. அப்போது வரைபடத்தை மாற்ற வேண்டியதில்லை. தட்டையான முகம் மறுபக்கம் பார்க்கும்படி டிரான்சிஸ்டரைத் திருப்பிச் செருகினால் போதும். திருப்பாமல் செருகினால் விளக்கு எரியாது, அல்லது மிக மங்கலாக எரியும். எனவே, ‘மாற்று: 2N3904’ என்று எழுதினால் பாதி வேலைதான். ‘மாற்று: 2N3904, திருப்பிச் செருகவும்’ என்று எழுதினால்தான் அது பட்டியல்.

இதைப் பற்றி ஒரு மாணவியின் தாயாரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவர். பொருள்பட்டியல் அவருக்கு அன்றாடம் புழங்கும் தாள். அவர் சொன்னது: “டீச்சர், எங்க இடத்துல ‘அதே மாதிரி’ன்னு யாரும் எழுத மாட்டாங்க. எதுக்குப் பதிலா எது போடலாம்னு இருக்கும். அத யாரு பார்த்து ஒத்துக்கிட்டாங்கன்னு கையெழுத்து இருக்கும். இல்லாத பொருள் வந்தா லைன்ல போட மாட்டோம்.”

அந்தப் பேச்சுக்குப் பின் என் பட்டியலில் ஒரு பத்தியைக் கூட்டினேன். அதற்கு ‘என்ன இருக்க வேண்டும்’ என்று தலைப்பிட்டேன். பொருளின் பெயருக்கும் மாற்றுப் பொருளுக்கும் நடுவில் அது நிற்கிறது. டிரான்சிஸ்டர் வரியில், ‘என்.பி.என். வகை, 200 மடங்கு அளவில் பெருக்க வேண்டும், மூன்று நீண்ட கால்கள் இருக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். 200 என்ற எண் எங்கிருந்து வந்தது? இருட்டில் 47 கிலோ ஓம் வழியே பேஸுக்குக் கிடைப்பது 0.08 மில்லி ஆம்பியர். எல்.இ.டி.க்கு வேண்டியது 13. வகுத்தால் 160 வருகிறது. சற்றுக் கூட்டி 200 என்றேன். `BC547` என்ற பெயருக்குப் பின்னால் வரும் `B` என்ற எழுத்து இந்தப் பெருக்கத்தையே குறிக்கிறது. `B` வகை குறைந்தது 200 மடங்கு பெருக்கும். `A` வகை 110இலிருந்து தொடங்குகிறது; அதைப் போட்டால் சில விளக்குகள் சற்று மங்கலாக எரியக்கூடும். காரணம் பட்டியலிலேயே இருந்தால், கடையில் நிற்கும்போது நாமே முடிவெடுக்கலாம்.

அடுத்து எல்.இ.டி., அதன் மின்தடையம், மின்கலம் ஆகிய மூன்று. இவை பட்டியலில் மூன்று வரிகள். உண்மையில் ஒரே குடும்பம். ஒருவரை மாற்றினால் மற்றவரையும் கேட்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3.1 வோல்ட் தேவை. 4.5 வோல்ட்டில் அதுபோக, டிரான்சிஸ்டர் எடுத்துக்கொள்ளும் 0.1ஐயும் கழித்தால், மிச்சம் 1.3 வோல்ட். 100 ஓம் மின்தடையத்தில் அது 13 மில்லி ஆம்பியர் ஆகிறது. படிப்பதற்குப் போதாது, இரவில் எழுந்தால் வழி காட்டப் போதும்.

வெள்ளை கிடைக்கவில்லை, சிவப்பு வாங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சிவப்புக்கு 1.9 வோல்ட் போதும். மிச்சம் 2.5 வோல்ட். அதே 100 ஓமில் 25 மில்லி ஆம்பியர் ஓடப் பார்க்கும். இச்சிறு எல்.இ.டி.களுக்கு வழக்கமான உச்ச அளவு 20. பிள்ளை எல்.இ.டி.யை நேரே இணைத்துச் சோதிக்கும்போது அந்த 25 முழுதும் அதில் பாயும். ஆகவே, சிவப்பு என்றால் மின்தடையம் 150 ஓம் ஆக வேண்டும். அப்போது 17 அளவில் நிற்கும்.

மின்கலச் செலவைக் குறைக்க, பிள்ளைகளையே வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வது நம் பள்ளிகளில் வழக்கம். அதில் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தும் மின்கலங்கள் சில கலந்துவிடும். அவை ஒவ்வொன்றும் 1.5 அன்று, 1.2 வோல்ட். மூன்றும் சேர்ந்து 3.6. வெள்ளை எல்.இ.டி.க்கு 3.1 போக மிஞ்சுவது 0.4 மட்டுமே, மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியர். அந்தப் பிள்ளையின் விளக்கு மட்டும் நோயாளியைப் போல் எரியும். அதே மின்கலத்தோடு சிவப்பு எல்.இ.டி.யும் 100 ஓமும் சேர்த்தால் 16 மில்லி ஆம்பியர் ஓடும், நன்றாக எரியும். எனவே, என் பட்டியலில் இம்மூன்று வரிகளையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்து, மூன்று இணைகளாக எழுதிவிட்டேன். அவற்றைக் கலந்து எடுக்கக்கூடாது என்றும் குறித்தேன்.

மூன்றாவது, எல்.டி.ஆர். இதுதான் மிகவும் ஏமாற்றும் பொருள். ஏனெனில், அதன் உடலில் பெயரே அச்சிடப்பட்டிருக்காது. நான் கேட்டு வாங்கியது `GL5528`. அந்தி வெளிச்சம் போன்ற மங்கலில் அதன் தடை 10 முதல் 20 கிலோ ஓம். வகுப்பறை வெளிச்சத்தில் ஒன்று அல்லது இரண்டு கிலோ ஓமாகக் குறைந்துவிடும். நம் சுற்றில் 47 கிலோ ஓமுக்கு எதிராக எல்.டி.ஆர். ஏறத்தாழ 7 கிலோ ஓமைத் தாண்டும்போது விளக்கு எரியத் தொடங்குகிறது. வகுப்பறைக்கும் அந்திக்கும் நடுவில் அந்த 7 அமைகிறது. விளக்கு அணையவேண்டிய இடத்தில் அணைகிறது. எரியவேண்டிய இடத்தில் எரிகிறது.

அதே உருவத்தில், அதே வரிகளோடு `GL5539` என்றொரு வகை இருக்கிறது. ஒரே வெளிச்சத்தில் அதன் தடை பல மடங்கு கூடுதல். சற்று மங்கலான வகுப்பறையிலேயே 6, 7 கிலோ ஓமை எட்டிவிடும். விளைவு: பட்டப்பகலில், சன்னலை விட்டுத் தள்ளி வைத்தாலே விளக்கு எரியும். பிள்ளைகள் இணைப்பைத்தான் பிழை என்று நினைத்து, பிரித்துப் பிரித்து மாட்டுவார்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்: வகுப்பறையில் வைத்து அளந்தால் ஒன்று, இரண்டு கிலோ ஓம் வர வேண்டும், விரலால் மூடினால் பல பத்துக் கிலோ ஓமுக்கு ஏற வேண்டும். கையில் `GL5539`தான் இருக்கிறது என்றால், 47 கிலோ ஓமை 100 ஆக்கலாம். எரியத் தொடங்கும் எல்லை இரு மடங்காகி, பகலில் அணைந்துவிடும். ஆனால், பேஸுக்கு வரும் மின்னோட்டம் பாதியாவதால் வெளிச்சமும் குறையும். மாற்றுப் பொருளுக்கு இப்படி ஒரு விலை உண்டு. அந்த விலையையும் மாற்றுப் பத்தியில் எழுதிவிட வேண்டும். இன்னொன்று: எல்.டி.ஆரில் காட்மியம் கலந்த சேர்மம் இருக்கிறது. உடைக்கவோ எரிக்கவோ விடக்கூடாது. பழுதானவற்றை நான் தனிப் புட்டியில் சேர்த்து வைக்கிறேன்.

இனி, எண்ணிக்கை. இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாப் பொருளும் இருபத்தெட்டு என்று எழுதினால் போதாது. எல்லாவற்றிலும் பத்து விழுக்காடு கூட்டுவதும் சரியன்று. எது எப்படிக் கெடும் என்று பார்த்துக் கூட்ட வேண்டும். எல்.இ.டி.தான் அதிகம் கெடும். மின்தடையம் இல்லாமல் நேரே மின்கலத்தில் வைத்துப் பார்க்கும் ஆவல் பிள்ளைகளுக்கு உண்டு, ஆகவே நாற்பது. டிரான்சிஸ்டர் அரிதாகவே கெடும். கால் ஒடியலாம், எனவே முப்பத்திரண்டு. எல்.டி.ஆர். காலும் மெல்லியது, அதுவும் முப்பத்திரண்டு. மின்தடையங்கள் மலிவு, தரையில் விழுந்தால் தேடுவதைவிட வேறு எடுப்பது எளிது, இரண்டு வகையிலும் ஐம்பது. மின்கலப் பெட்டி, விசை, பிரெட்போர்டு கெடுவதில்லை. ஆசிரியருக்கு ஒன்று, மிகைக்கு ஒன்று என முப்பது போதும். மின்கலம் விளக்குக்கு மூன்று. இருபத்தெட்டுக்கு எண்பத்து நான்கு. பட்டியலில் பணத்தை விழுங்குவது இந்த ஒரு வரிதான். மற்றச் சில்லறைப் பொருள்கள் எல்லாம் அதன் அருகில் நிற்கமாட்டா. பெற்றோரிடம் எவ்வளவு வெள்ளி கேட்பது என்பதைத் தீர்மானிப்பதும் இவ்வரியே. ஆதலால் விலை பேசுவதை நான் இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

மின்தடைய வரியில் நிறத்தையும் எழுதுங்கள். பிள்ளைகள் எண்ணைப் படிப்பதில்லை, நிறத்தைத்தான் படிக்கிறார்கள். நான்கு வளையம் கொண்டவற்றில் 47 கிலோ ஓமுக்கு மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. 100 ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, பழுப்பு. நீல உடல் கொண்டவற்றில் பெரும்பாலும் ஐந்து வளையங்கள். அவற்றின் வரிசை வேறு. எது வருகிறதோ அதற்கேற்பத் திருத்துங்கள். இரண்டு மின்தடையங்களும் இடம் மாறிவிட்டால் அடையாளம் தெளிவானது: விளக்கு வெளிச்சத்திலும் அணையாது, இருட்டிலும் மின்மினியளவுதான் எரியும்.

எங்கே வாங்குவது? கோலாலம்பூரில் மின்னணு உதிரிப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது புடு வட்டாரத்து ஜாலான் பாசார். செந்தூல்வாசிகளுக்கு அது கைக்கெட்டும் தூரம். செந்தூலில் எல்.ஆர்.டி. ஏறினால், வண்டி மாறாமலேயே புடு நிலையத்தில் இறங்கலாம். கடைக்கு நேரில் செல்வதன் பயன் பேரம் பேசுவதில் மட்டும் இல்லை. பொருளின் முகத்திலுள்ள எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுக்கலாம் என்பதில்தான் இருக்கிறது. கைபேசியின் கேமராவைப் பெரிதாக்கினால் அந்த எழுத்து நன்றாகத் தெரியும்.

இணையத்தில் வாங்குவோர் பினாங்கைச் சேர்ந்த சைட்ரான் போன்ற உள்நாட்டு நிறுவனங்களையும், ஷோப்பி போன்ற சந்தைகளையும் நாடலாம். சந்தைகளில் இரண்டைப் பார்க்க வேண்டும். பொருள் உள்நாட்டிலிருந்து வருகிறதா, வெளிநாட்டிலிருந்து வருகிறதா என்பது ஒன்று. வெளிநாடென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். பொருளின் உருவம் மற்றொன்று. `BC547` தேடும்போது `BC847` என்பதும் எதிர்ப்படும். அது அதே வேலையைச் செய்யும் தங்கைதான். ஆனால் அரிசிமணியைவிடச் சிறியது, பலகையில் ஒட்டிப் பற்றவைப்பதற்கானது. பிரெட்போர்டில் செருக அதற்குக் காலில்லை. ஆகவே, தேடும் இடத்தில் `BC547B TO-92` என்று முழுவதுமாக எழுதுங்கள். `TO-92` என்பது மூன்று கால்களுடைய, ஒரு பக்கம் தட்டையான அந்த உருவத்தின் பெயர்.

இப்போது என்னிடமுள்ள பட்டியல் இது. ஒவ்வொரு வரியிலும் பொருள், எண்ணிக்கை, இருக்க வேண்டியது, மாற்று, வாங்குமிடம் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். எண்ணிக்கை இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கானது.

1. டிரான்சிஸ்டர் `BC547B`: 32. என்.பி.என்., 200 மடங்கு, நீண்ட கால்கள். மாற்று: `2N3904` அல்லது `S8050`, திருப்பிச் செருகவும்; `C945`, இரண்டாம் வரைபடத்தைப் பயன்படுத்தவும். ஜாலான் பாசார், எழுத்தைப் படித்து வாங்கவும்.

2. எல்.டி.ஆர். `GL5528`: 32. வகுப்பறையில் 1 முதல் 2 கிலோ ஓம். மாற்று: `GL5539`, ஆறாம் வரியை 100 கிலோ ஓமாக மாற்றவும்; வெளிச்சம் குறையும். வகை எழுதிய பையோடு வாங்கி, பையிலேயே வைக்கவும். கடை அல்லது இணையம்.

3, 4, 5. ஒரே கட்டம். எல்.இ.டி. 5 மில்லிமீட்டர்: 40. அதன் மின்தடையம்: 50. மின்கலம்: 84. வெள்ளை, 100 ஓம், 1.5 வோல்ட் மின்கலம் என்பது முதல் இணை. சிவப்பு, 150 ஓம், 1.5 வோல்ட் என்பது இரண்டாம் இணை. சிவப்பு, 100 ஓம், 1.2 வோல்ட் மின்னேற்றும் மின்கலம் என்பது மூன்றாம் இணை. பழையதும் புதியதும் கலக்கக்கூடாது. மின்கலம் அருகிலுள்ள பேரங்காடியில், ஏனையவை கடையில்.

6. மின்தடையம் 47 கிலோ ஓம்: 50. மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. மாற்று: 39 அல்லது 56 கிலோ ஓம், எரியும் நேரம் சற்றே மாறும், வேறொன்றும் இல்லை. கடை அல்லது இணையம்.

7. மூன்று மின்கலம் கொள்ளும் பெட்டி: 30. சிவப்பு, கறுப்புக் கம்பிகளோடு. மாற்று: நான்கு கொள்ளும் பெட்டி வேண்டா, 6 வோல்ட் ஆகிவிடும். கடை அல்லது இணையம்.

8. சிறு பிரெட்போர்டு: 30. மாற்று இல்லை. இணையத்தில் மொத்தமாக.

9. நகர்த்தும் விசை: 30. மாற்று: எந்தச் சிறு விசையும். கடை அல்லது இணையம்.

கடைசி வரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செலவைக் குறைக்க, விசையை நீக்கிவிடலாமா என்று மாணவர்களிடமே கேட்டேன். கணக்கு அதற்குச் சாதகமாகவே இருந்தது. வெளிச்சத்தில் விளக்கு அணைந்திருக்கும்போது 47 கிலோ ஓம் வழியே கசிவது 0.09 மில்லி ஆம்பியர் மட்டும். மின்கலம் ஆண்டுக்கணக்கில் தாங்கும். தானே அணையும் விளக்குக்கு விசை எதற்கு?

பின்வரிசையில் இருந்த மாணவன் எழுந்தான். “டீச்சர், பைக்குள்ள இருட்டுதானே?”

உண்மைதான். வீட்டுக்கு எடுத்துச்செல்லும் வழியெல்லாம் அது புத்தகப்பைக்குள் எரிந்துகொண்டே போகும். இரவு முழுதும் எரிந்தாலே மின்கலம் ஏறத்தாழ இரண்டு வாரந்தான் வரும். பையிலும் அலமாரியிலும் எரிந்தால் அதற்குள்ளும் தீரும். விசை பட்டியலிலேயே நின்றது. ‘என்ன இருக்க வேண்டும்’ என்ற பத்தியில் அவ்வரிக்கு எதிரே ‘பைக்குள் அணைப்பதற்கு’ என்று எழுதி, தேதியிட்டு, அவனையே கையொப்பமிடச் சொன்னேன். தொழிற்சாலையில் அப்படித்தான் செய்வார்களாம்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஓர் ஆசிரியை